"கம்பெனி விரும்பினால் ரிப்பேர் செய்யும்" - இப்படி எழுதினால் தப்பு!

புதிதாக லேப்டாப் வாங்கியிருக்கிறீர்களா? பெட்டிக்குள் சார்ஜர், அதன் ஒயர், பொடி எழுத்தில் அச்சடித்த ஒரு மடிப்புத் தாள் இருந்திருக்கும். அந்தத் தாளை என்ன செய்தீர்கள்? பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே போட்டு, பெட்டியைப் பரணில் ஏற்றியிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அதில் இருக்கும் தமிழைப் படித்துப் புரிந்து கொள்வது அவ்வளவு சுலபமில்லை. ஆங்கிலம் அதைவிட மோசம்.

அதனால்தான் "இதை எளிய தமிழில் எழுதிக் கொடுத்தால் என்ன?" என்று பலரும் கேட்கிறார்கள். கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எளிமையாக எழுதுவதை எல்லோரும் சுருக்கி எழுதுவது என்று நினைத்துக் கொள்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படி நினைத்து எழுதினேன். அதனால் ஒரு அம்மாவுக்கு 4,200 ரூபாய் நஷ்டம். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் நண்பர் ஒருவர் கம்ப்யூட்டர் விற்பனைக் கடை வைத்திருக்கிறார். அவர் விற்கும் ஒரு கம்பெனி லேப்டாப்பின் வாரண்டி விதியை வாடிக்கையாளர்களுக்குப் புரியும்படி எழுதித் தரச் சொன்னார். ஒரு மாலை நேரத்தில் உட்கார்ந்து ஏழெட்டு வரிகளில் எழுதிக் கொடுத்தேன். அவரும் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, லேப்டாப் வாங்குகிற எல்லோருக்கும் பில்லோடு சேர்த்துக் கொடுத்தார். "சூப்பர் சார், இப்பதான் எல்லாருக்கும் புரியுது" என்று பாராட்டும் கிடைத்தது.

அதில் ஒரு வரி: "தண்ணீர் பட்டால் வாரண்டி கிடையாது."

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அந்தத் தாளை பத்திரமாக வைத்திருந்தார். அவருடைய பேரன் கீபோர்டின் மேல் மோரைக் கொட்டிவிட்டான். இரண்டு எழுத்துகள் வேலை செய்யவில்லை. அவர் கேட்கவில்லை, விட்டுவிட்டார். நான்கு மாதம் கழித்து, கீபோர்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் எஸ்.எஸ்.டி. போய்விட்டது. "தண்ணீர் பட்டால் வாரண்டி கிடையாது என்றுதான் எழுதியிருக்கிறதே" என்று, சர்வீஸ் சென்டர் பக்கமே போகாமல், தெருமுனையில் இருந்த ரிப்பேர் கடையில் கொடுத்து 4,200 ரூபாய் செலவழித்துப் புது எஸ்.எஸ்.டி. போட்டுக் கொண்டார். வாரண்டி முடிய அப்போது இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

உண்மையான விதியில் என்ன இருந்தது என்று பார்ப்போம். கம்பெனியின் பெயர் வேண்டாம். இப்படிப்பட்ட விதிகள் பல தாள்களில் வருகின்றன. அந்த விதியின் கட்டுக்கோப்பை அப்படியே வைத்து, சட்டத் தமிழில் கீழே கொடுத்திருக்கிறேன். மூச்சு வாங்கிக் கொண்டு படியுங்கள். மொத்தமும் ஒரே வாக்கியம்!

"விலைப்பட்டியல் தேதியிலிருந்து பன்னிரண்டு மாத காலத்திற்கு, இயல்பான பயன்பாட்டின்போது மூலப்பொருள் அல்லது தயாரிப்புக் குறைபாட்டின் காரணமாகப் பழுதுறும் எந்தவொரு பாகத்தையும், அப்பழுது வாங்குநரால் கண்டறியப்பட்ட முப்பது தினங்களுக்குள் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டும், அசல் விலைப்பட்டியல் சமர்ப்பிக்கப்பட்டும் இருக்கும் பட்சத்தில், கம்பெனி தனது முழு விருப்பத்தின் பேரில் கட்டணமின்றிப் பழுதுபார்த்தோ அல்லது புதிய அல்லது புதுப்பிக்கப்பட்ட பாகத்தைக் கொண்டு மாற்றியோ கொடுக்கக் கடமைப்பட்டதாகும், ஆயினும், கம்பெனியால் அங்கீகரிக்கப்படாத நபரால் திறக்கப்பட்ட சாதனத்திற்கோ, திரவம் அல்லது மின்னழுத்த ஏற்றத்தாழ்வு போன்றவற்றால் ஏற்பட்ட பழுதுக்கோ மேற்கண்டது பொருந்தாது என்பதுடன், சாதனத்தில் சேமிக்கப்பட்ட தகவல்களின் இழப்புக்குக் கம்பெனி பொறுப்பாகாது, மாற்றப்பட்ட பாகத்திற்கு, மூல உத்தரவாதக் காலத்தில் எஞ்சியுள்ள காலம் அல்லது தொண்ணூறு தினங்கள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை உத்தரவாதம் தொடரும்."

"ஆயினும்" என்பதற்குப் பிறகு வருவதைக் கவனியுங்கள். இரண்டு விதிவிலக்குகள் இருக்கின்றன. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. அங்கீகாரம் இல்லாதவர் திறந்தால் அந்த சாதனத்துக்கே வாரண்டி போய்விடும். தண்ணீர் பட்டாலோ, தண்ணீரால் வந்த அந்தப் பழுதுக்கு மட்டும்தான் வாரண்டி இல்லை. மோர் கொட்டியதால் போன கீபோர்டுக்கு உரிமை இல்லை, சரி. ஆனால் தன் சொந்தக் கோளாறால் போன எஸ்.எஸ்.டி.க்கு அந்த அம்மாவுக்கு முழு உரிமையும் இருந்தது. அதுவும் மோரால்தான் போயிற்று என்று கம்பெனி வாதாடிப் பார்த்திருக்கலாம். அது வேறு விஷயம். என் வரி அவரை வாதத்துக்கே போகவிடாமல் செய்துவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. ரிப்பேர் கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்தார் அல்லவா? அந்த நொடியில் முதல் விதிவிலக்கு வேலை செய்து, மிச்சமிருந்த ஐந்து மாத வாரண்டியும் போய்விட்டது. இல்லாத தடையை எழுதினேன். அந்த அம்மா உண்மையான தடையில் போய் விழுந்தார்.

இதற்குப் பிறகு என் பழைய தாளை எடுத்து வைத்துக் கொண்டு, சிவப்புப் பேனாவால் வரி வரியாகத் திருத்தினேன். தலைப்பில் இருக்கும் வாக்கியம் அப்போது கண்ணில் பட்டது. "கம்பெனி விரும்பினால் ரிப்பேர் செய்து தரும் அல்லது மாற்றித் தரும்." படித்தால் சரியாகத்தானே தெரிகிறது? மூலத்திலும் "முழு விருப்பத்தின் பேரில்" என்றுதானே இருக்கிறது?

இல்லை. மூல வாக்கியம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். "கொடுக்கக் கடமைப்பட்டதாகும்" என்று முடிகிறது. கொடுப்பதா வேண்டாமா என்பது கம்பெனியின் விருப்பம் இல்லை. ரிப்பேரா, மாற்றா என்பது மட்டும்தான் அதன் விருப்பம். "விரும்பினால்" என்று நான் எழுதியதில் கடமை காணாமல் போய், கம்பெனி மனது வைத்தால் கிடைக்கும் சலுகையாக அது மாறிவிட்டது. என்னைக் கேட்டால் வாரண்டித் தாளில் இதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது. சரியாக எழுத இரண்டு வாக்கியம் வேண்டும். "கம்பெனி அதைக் கட்டணமில்லாமல் சரிசெய்து தர வேண்டும். ரிப்பேர் செய்வதா, பாகத்தை மாற்றுவதா என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்யும்."

அதனால் இப்போதெல்லாம் எந்த விதியை எளிமையாக்க உட்கார்ந்தாலும், முதலில் வினைச் சொற்களுக்கு அடியில்தான் கோடு போடுகிறேன். கடமைப்பட்டது, செய்யலாம், பொருந்தாது, பொறுப்பாகாது, தொடரும். ஒவ்வொன்றையும் யார் செய்கிறார்கள், யாருக்குச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதிக் கொள்கிறேன். சட்டத் தமிழில் "தெரிவிக்கப்பட்டும்", "சமர்ப்பிக்கப்பட்டும்" என்று ஆள் பெயரே இல்லாமல் வரும். யார் சமர்ப்பிக்க வேண்டும்? நீங்கள்தான்! அது எழுதப்படாமல் ஒளிந்திருக்கும் கடமை. அதை வெளியே கொண்டு வந்து வைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து நாள் கணக்கு. என் பழைய தாளில் "பழுது இருந்தால் 30 நாட்களுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும்" என்று இருந்தது. எந்த நாளிலிருந்து 30 நாள்? நான் எழுதவில்லை. படித்தவர்களில் பலர் வாங்கிய நாளிலிருந்து என்று எடுத்துக் கொண்டார்கள். அப்படியானால் ஒரு வருட வாரண்டி ஒரே மாதமாகச் சுருங்கிவிட்டது! மூலத்தில் இருப்பது பழுதை நீங்கள் கண்டுபிடித்த நாளிலிருந்து 30 நாள்.

"எது பிந்தியதோ" என்பதை நான் சுத்தமாக விட்டே விட்டிருந்தேன். "மாற்றிய பாகத்துக்கு 90 நாள் வாரண்டி" என்று மட்டும் எழுதியிருந்தேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024 ஜனவரி 10-ம் தேதி வாங்கிய லேப்டாப். வாரண்டி 2025 ஜனவரி 9 வரை. 2024 மார்ச்சில் ஒரு பாகத்தை மாற்றினால், 90 நாள் ஜூனிலேயே முடிந்துவிடும். ஆனால் மூல வாரண்டி அடுத்த ஜனவரி வரை இருக்கிறது. பிந்தியது அதுதான். அதனால் அந்தப் பாகத்துக்கும் 2025 ஜனவரி 9 வரை வாரண்டி உண்டு. அதே பாகத்தை 2024 டிசம்பர் 20-ல் மாற்றியிருந்தால்? மூல வாரண்டியில் மிச்சம் மூன்று வாரம்கூட இல்லை. 90 நாள் கணக்கு 2025 மார்ச் 20 வரை போகும். இப்போது பிந்தியது இதுதான். "90 நாள்" என்ற என் வரி இரண்டாவது ஆளுக்குச் சரி, முதல் ஆளுக்கு ஏழு மாதத்தைப் பறித்துவிடுகிறது. இந்த மாதிரி இடங்களில் "எது பிந்தியதோ" என்பதை விளக்கிக் கொண்டிருப்பதைவிட, இரண்டு தேதி வைத்து உதாரணம் எழுதிவிடுவதே நல்லது.

தகவல் இழப்பு பற்றிய வரியில் நான் செய்தது நேர் எதிரான தவறு. "நீங்கள் பேக்கப் எடுத்து வைத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கம்பெனி பொறுப்பல்ல" என்று எழுதியிருந்தேன். நல்ல யோசனைதானே என்று தோன்றும். ஆனால் மூலத்தில் பேக்கப் என்ற சொல்லே கிடையாது. பேக்கப் எடுக்க வேண்டும் என்பது என்னுடைய அறிவுரை. அதைக் கடமையாக எழுதிவிட்டேன். அது மட்டுமல்ல, பேக்கப் எடுத்து வைத்திருந்தால் கம்பெனி பொறுப்பேற்கும் என்ற பொய்யான நம்பிக்கையும் அதில் ஒட்டிக் கொண்டது. அறிவுரை சொல்லலாம். விதிக்கு வெளியே, தனியாக, "எங்கள் ஆலோசனை" என்று தலைப்புப் போட்டுச் சொல்ல வேண்டும்.

"நாங்கள், நீங்கள்" பற்றியும் ஒரு வார்த்தை. எளிய நடைக்கு எல்லோரும் சொல்லும் முதல் வழி இது. 1975-ல் அமெரிக்காவின் சிட்டி பேங்க், கடன் பத்திரத்தைச் சாதாரண மொழியில் மாற்றி எழுதியபோது வாடிக்கையாளரை "நான்" என்றும், பேங்கை "நீங்கள்" என்றும் எழுதிக் காட்டியது. நல்ல வழிதான். ஆனால் என் நண்பரின் கடைத் தாளில் "நாங்கள் சரிசெய்து தருவோம்" என்று நான் எழுதியது விபரீதம். கடைப் பெயர் அச்சடித்த தாளில் "நாங்கள்" என்றால் யார்? கடைக்காரர்! கம்பெனியின் கடமையை என் நண்பரின் தலையில் கட்டிவிட்டேன். அவரும் கவனிக்கவில்லை. இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எல்லாம் பார்த்துத் திருத்திய பிறகு வந்த வடிவம் இது:

"இந்தத் தாளில் 'நீங்கள்' என்பது லேப்டாப்பை வாங்கியவரைக் குறிக்கும். வாரண்டி தருவது கம்பெனி, கடை அல்ல.

பில் தேதியிலிருந்து 12 மாதத்துக்கு வாரண்டி உண்டு. நீங்கள் வழக்கமான முறையில் பயன்படுத்தும்போது, மூலப்பொருளில் அல்லது தயாரிப்பில் இருந்த குறையால் எந்தப் பாகம் பழுதானாலும், கம்பெனி அதைக் கட்டணமில்லாமல் சரிசெய்து தர வேண்டும். ரிப்பேர் செய்வதா, பாகத்தை மாற்றுவதா என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்யும். மாற்றினால், புதிய பாகமோ புதுப்பிக்கப்பட்ட பாகமோ கொடுக்கலாம்.

இதற்கு நீங்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். பழுதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அசல் பில்லைக் கொடுக்க வேண்டும்.

கம்பெனி அங்கீகரிக்காத ஒருவர் லேப்டாப்பைத் திறந்தால், அந்த லேப்டாப்புக்கு இந்த வாரண்டி கிடையாது. தண்ணீர் முதலான திரவம், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு போன்றவற்றால் ஒரு பழுது ஏற்பட்டால், அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டி கிடையாது. மற்றப் பழுதுகளுக்கு உண்டு.

லேப்டாப்பில் நீங்கள் வைத்திருக்கும் பைல்கள் அழிந்து போனால் கம்பெனி பொறுப்பல்ல.

மாற்றிய பாகத்துக்கு, மேலே சொன்ன 12 மாதம் முடியும் வரையோ, மாற்றியதிலிருந்து 90 நாள் வரையோ, எது பிறகு முடிகிறதோ அதுவரை வாரண்டி உண்டு."

ஏழெட்டு வரியில் முடித்த பழைய தாளோடு ஒப்பிட்டால் இது மிகவும் நீளம். மூலத்தைவிடவே நீளமாகத் தெரியும். அதனால் என்ன? ஒரு நீள வாக்கியத்தில் அடைத்து வைத்திருந்ததைப் பிரித்து வைத்தால் இடம் பிடிக்கத்தான் செய்யும்.

இது சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்து கொள்வது? நான் ஒரு சோதனை வைத்துக் கொண்டிருக்கிறேன். ஐந்தாறு கேள்விகள் தயார் செய்தேன். "ஒன்பதாவது மாதத்தில் ஸ்பீக்கர் போகிறது, இருபது நாள் கழித்துத்தான் எழுதுகிறார், கிடைக்குமா?" "மோர் கொட்டிய லேப்டாப்பில் பிறகு எஸ்.எஸ்.டி. போகிறது, கிடைக்குமா?" "பழைய பாகம் போட்டார்கள் என்று சண்டை போடலாமா?" இப்படி. வக்கீலாக இருக்கும் உறவினர் ஒருவரிடம் மூலத்தை மட்டும் கொடுத்தேன். கடைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவரிடம் என் தாளை மட்டும் கொடுத்தேன். இருவரும் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொன்னால், தப்பு என் தாளில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு கேள்வியில் இருவருமே திணறினார்கள். "வாங்கியவரே ஸ்க்ரூவைக் கழற்றி ராம் போட்டால்?" வாங்கியவர் "அங்கீகரிக்கப்படாத நபர்" தானா? மூலத்தில் தெளிவில்லை. இந்த இடத்தில்தான் எளிமையாக எழுதுபவருக்குக் கை பரபரக்கும். நமக்கு நியாயமாகத் தோன்றும் பதிலை எழுதிவிடலாம் என்று தோன்றும். எழுதக் கூடாது. அது புது விதி போடுவது. குழப்பத்தைக் குழப்பமாகவே வைத்து, விதியை எழுதிய கம்பெனியிடம் கேட்க வேண்டும். என் தாளில் "ஒருவர்" என்று விட்டிருப்பது அதனால்தான்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். பல கம்பெனிகளும் வெப்சைட்களும் இப்போது எளிய சுருக்கம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, கீழே "இது தகவலுக்கு மட்டும், முழு விதிகளே செல்லும்" என்று போட்டுவிடுகின்றன. இதற்கு நியாயமான உதாரணமும் உண்டு. 2002-ல் வெளிவந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், சட்ட வாசகம் தனியாகவும் சாதாரண ஆட்களுக்கான சுருக்கம் தனியாகவும் இருக்கும். சுருக்கம் உரிமத்துக்கு மாற்றல்ல என்று அதிலேயே சொல்லிவிடுவார்கள். பல நாடுகளில் பயன்படும் உரிமம் அது, வக்கீல்களும் பார்க்க வேண்டும், அதனால் அந்த ஏற்பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு லேப்டாப் வாரண்டிக்கு எதற்கு இரண்டு வாசகம்? வாடிக்கையாளர் படிப்பது ஒன்று, அவரைக் கட்டுப்படுத்துவது வேறொன்று என்றால், சுருக்கத்தை நம்பி நடந்தவர்தான் அடிபடுவார். மோர் கதையில் நடந்ததும் அதுதான். சிட்டி பேங்க் 1975-ல் பழைய பத்திரத்தோடு ஒரு விளக்கத் தாளை ஒட்டவில்லை. பத்திரத்தையே மாற்றியது. வாரண்டித் தாளிலும் எளிய வாசகமே ஒப்பந்தமாக இருக்க வேண்டும்.

"கோர்ட்டில் சோதிக்கப்பட்ட வார்த்தைகளை மாற்றினால் ஆபத்து" என்று வக்கீல் உறவினர் சொன்னார். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. "புதுப்பிக்கப்பட்ட பாகம்" என்பதை நான் மாற்றவில்லை. "பழைய பாகம்" என்று எழுதினால் எளிமைதான், ஆனால் பொருள் வேறாகிவிடும். "அங்கீகரிக்காத" என்பதையும் அப்படியே வைத்தேன். அப்படி இரண்டு மூன்று சொற்கள்தான் இருந்தன. மற்ற "இருக்கும் பட்சத்தில்", "மேற்கண்டது", "என்பதுடன்" இவற்றையெல்லாம் எந்தக் கோர்ட்டும் சோதித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தவிர, இந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாலும், 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகள் வாடிக்கையாளருக்குத் தனியாக இருக்கின்றன.

புதிய தாளின் முதல் பிரதியை அந்த ஆசிரியை அம்மாவிடம் நானே கொண்டு போய்க் கொடுத்தேன். 4,200 ரூபாயையும் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. "உட்காருப்பா" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக் கொண்டு முழுவதும் படித்தார். பிறகு பென்சிலால் ஒரு இடத்தில் கோடு போட்டார். "புதுப்பிக்கப்பட்ட பாகமோ கொடுக்கலாம்னு எழுதியிருக்கியே, புதுசா புதுப்பிச்சதான்னு நமக்கு எப்படித் தெரியும்? சொல்லுவாங்களா?"

மூலத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று எங்கும் இல்லை. ராம் கேள்வியோடு இதையும் சேர்த்துக் கம்பெனிக்கு ஈமெயில் அனுப்பியிருக்கிறேன். ஆறு வாரம் ஆகிறது.